பைபாஸ் சத்திரசிகிச்சைக்குப் பின் கருத்தரிப்பு: எத்தனை மாதம், எந்தச் சத்து?

வாசகர் கேள்வி:

எனக்கு 33 வயது, உயரம் 158 சென்ரிமீற்றர். ஏழு மாதங்களுக்கு முன் கொழும்பில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டேன். 121 கிலோவாக இருந்த நான் இப்போது 86 கிலோ. போன மாதமும் மூன்று கிலோ குறைந்தது. முன்பு பீ.சீ.ஓ.எஸ். என்று நான்கு வருடம் மெட்போர்மின் குடித்தேன். இப்போது மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. கலியாணம் முடித்து ஆறு வருடம் என்பதால் வீட்டில் எல்லோரும் அவசரப்படுத்துகிறார்கள். கருத்தடை எதுவும் பாவிக்கவில்லை. விற்றமின் குளிசைகள் விலை கூடியதால் மூன்று மாதத்தோடு நிறுத்திவிட்டேன்; எங்கள் மிட்வைஃப் தந்த போலிக் அமிலம் மட்டும் குடிக்கிறேன். முடி கொட்டுகிறது, இரவில் கால் விரல்கள் விறைக்கின்றன. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2, பெரிற்றின் 9, பி12 170, விற்றமின் டி 14 என்று வந்துள்ளது. எம்.சி.வீ. மட்டும் 86, அது சரி என்றார்கள். எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்? எந்தச் சத்துகளைப் பார்க்க வேண்டும்?
— களுவாஞ்சிகுடி வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கால் விரல்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது மாதக் கணக்குப் பார்த்துக் காத்திருக்கக்கூடிய விடயம் அன்று. இந்த வாரமே பொது மருத்துவ நிபுணர் ஒருவரிடம் அறிக்கைகளுடன் சென்று, பி12 ஊசியைத் தொடங்குவது பற்றிக் கேளுங்கள். பி12 அளவு 200 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்து, அதனோடு விறைப்பும் இருக்குமானால், அதை நரம்பு பாதிக்கப்படத் தொடங்கியதன் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நரம்பில் ஏற்படும் பாதிப்பு நீண்ட நாள் தொடர்ந்தால் பிறகு எவ்வளவு ஊசி போட்டாலும் முழுமையாக மீளாமல் போகலாம்.

இந்தக் குறைபாடு உங்களுக்கு இவ்வளவு விரைவில் ஏன் வந்தது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மீன், முட்டை, பால் ஆகியவற்றில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும். அதைப் பிரித்தெடுப்பதற்கு இரைப்பையின் அமிலமும், பின்னர் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சுவதற்கு இரைப்பை சுரக்கும் ஒரு துணைப் புரதமும் வேண்டும். பைபாஸில் உணவு செல்வது ஒரு சிறு பைக்குள் மட்டுமே. அமிலமும் துணைப் புரதமும் பெருமளவில் சுரக்கும் பெரும்பகுதி வழியிலிருந்து விலக்கப்பட்டுவிடுகிறது. ஆயினும் ஈரலில் பி12 சேமிப்பு இருப்பதால் பலருக்கு இக்குறைபாடு ஓரிரு வருடம் கழித்தே வெளிப்படும். உங்களைப் பொறுத்தவரை, நான்கு வருட மெட்போர்மின் பாவனை அந்தச் சேமிப்பை ஏற்கெனவே கரைத்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். நீண்டகாலம் மெட்போர்மின் எடுப்பவர்களில் பி12 உறிஞ்சல் குறைவது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. சேமிப்பு வற்றிய பின் சத்திரசிகிச்சை நடந்தது, அதற்கு மேல் குளிசைகளும் நின்றன.

எம்.சி.வீ. சரியாக இருப்பதைக் கண்டு நிம்மதி அடைய வேண்டாம். இரும்புச் சத்துக் குறைந்தால் செங்குருதிக் கலங்கள் சிறுக்கும், பி12 குறைந்தால் பெருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் குறைந்திருக்கும் ஒருவரிடம் சிறியவையும் பெரியவையும் கலந்து, சராசரி அளவு இயல்பானதுபோல் தோன்றும். உங்கள் 86 என்ற எண் அப்படிப்பட்ட சராசரியாகவே எனக்குத் தெரிகிறது.

போலிக் அமிலம் குடிப்பது நல்லது, அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பி12 குறைந்த உடலில் போலிக் அமிலம் மட்டும் கொடுக்கப்படும்போது ஒரு விபரீதம் நடக்கிறது. இரத்தம் ஓரளவு தேறி, சோகை மறைந்து, எல்லாம் சரியாகிவிட்டதுபோல் அறிக்கை வரும். நரம்பின் பாதிப்போ ஓசையின்றித் தொடரும். அதனால்தான் ஊசியை முதலில் வைத்தேன். வழமையான முறைப்படி, நரம்பு அறிகுறி உள்ளவர்களுக்கு ஹைட்ரொக்சோகோபாலமின் 1 மில்லிகிராம் ஊசி ஒருநாள் விட்டு ஒருநாள், முன்னேற்றம் தொடரும்வரை போடப்பட்டு, பின்னர் இரண்டு மாதத்திற்கு ஒரு முறையாக மாற்றப்படும். உங்களுக்கு எத்தனை ஊசி என்பதை நேரில் பார்க்கும் வைத்தியரே தீர்மானிப்பார். அதன் பிறகும், பைபாஸ் செய்தவர் என்ற வகையில், வாழ்நாள் முழுதும் குறித்த இடைவெளியில் இந்த ஊசி தேவைப்படும்; கர்ப்பகாலத்தில் அது நிறுத்தப்படுவதில்லை.

பி12 கருத்தரிப்புக்கு முன்பே சரியாக வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிசுவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் நரம்புக்குழாய், மாதவிடாய் தள்ளிப்போய் நீங்கள் சந்தேகம் கொள்ளும் முதற் சில வாரங்களுக்குள்ளேயே மூடிவிடுகிறது. அதற்குப் போலிக் அமிலமும் பி12 உம் இரண்டுமே வேண்டும். உங்கள் உடல் திணிவுச் சுட்டெண் இப்போது 34 அளவில் இருப்பதால், சாதாரணமாகக் கொடுக்கப்படும் சிறிய அளவு போதாது. 30க்கு மேற்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் போலிக் அமிலம், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதமேனும் முன்பிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை கொடுக்கப்படுகிறது. உங்கள் கையிலுள்ள குளிசை எத்தனை மில்லிகிராம் என்று அட்டையைப் பாருங்கள்.

இனிக் காலத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். சத்திரசிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் பொறுக்க வேண்டும் என்பதே பெரும்பாலான வழிகாட்டல்களின் கூற்று; சிலர் 24 மாதம் வரை சொல்வார்கள். இந்த எண்ணை நாட்காட்டியில் மட்டும் வைத்து எண்ணக் கூடாது என்பது என் கருத்து. முதல் வருடத்தில் உங்கள் உடல் தன் சொந்தக் கொழுப்பையும் தசையையும் எரித்தே பிழைக்கிறது. மாதம் மூன்று கிலோ கரையும் ஓர் உடலில், உண்ணும் சிறிதளவு உணவைத் தாயும் சிசுவும் பங்குபோட்டுக்கொள்ள நேரிடும். பைபாஸ் செய்த தாய்மாரின் குழந்தைகள் வயிற்றில் எடை குறைந்து வளரும் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதலாக இருக்கிறது. எனவே நான் பார்ப்பது இரண்டு அடையாளங்களை. ஒன்று, தொடர்ந்து மூன்று மாதங்களில் எடை மொத்தமாக இரண்டு கிலோவுக்கு மேல் மாறாதிருப்பது. மற்றையது, கீழே சொல்லும் சத்துகள் பரிசோதனையில் தேறியிருப்பது. இரண்டும் பன்னிரண்டாம் மாதத்தில் கிடைத்தால் அப்போதே ஆயத்தமாகலாம். இப்போதைய வேகத்தைப் பார்த்தால் உங்களுக்கு அது பதினைந்தாம் மாதத்திற்கும் பதினெட்டாம் மாதத்திற்கும் இடையில் வரலாம் என நினைக்கிறேன். அப்போது உங்களுக்கு 34 வயதைத் தாண்டாது. வயதுக்காக இந்தக் காத்திருப்பைக் குறைக்க வேண்டியதில்லை.

வீட்டில் உள்ளவர்களிடம் இதைச் சொல்லும்போது, "டொக்டர் வேண்டாம் என்கிறார்" என்று சொல்லாமல், எட்டு அல்லது பத்து மாதம் என்று ஒரு தவணையைச் சொல்லுங்கள். தவணையில்லாத காத்திருப்பை மாமியார்மார் மறுப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் கிளினிக்கில் நான் கண்ட அனுபவம்.

ஆனால் நீங்கள் கருத்தடை எதுவும் பாவிக்கவில்லை என்பது இந்தத் தவணையையே பொருளற்றதாக்கிவிடும். பீ.சீ.ஓ.எஸ். உள்ள பெண்ணுக்கு எடை குறைந்ததும் முட்டை வெளியேற்றம் மீள்வது வழமை. உங்கள் மாதவிடாய் ஒழுங்கானதன் அர்த்தமும் அதுதான். ஆறு வருடமாகத் தங்காத கரு இந்த மாதமே தங்கக்கூடும். கருத்தடைக் குளிசைகள் பைபாஸுக்குப் பின் குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் அவற்றை நம்ப வேண்டாம். மூன்று மாத ஊசியை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன்: அது எலும்பின் அடர்த்தியைக் குறைக்கக்கூடியது, சிலருக்கு எடையைக் கூட்டும், நிறுத்திய பிறகும் கருத்தரிக்கப் பல மாதங்கள் எடுக்கலாம். செப்பு லூப் நல்ல முறைதான், ஆயினும் மாதவிடாய் இரத்தத்தைக் கூட்டக்கூடியது. பெரிற்றின் 9 இல் நிற்கும் ஒருவருக்கு அது பொருத்தமில்லை. கையில் தோலின் கீழ் வைக்கும் குச்சியே உங்களுக்கு ஏற்றது. எடுத்துவிட்டால் கருவளம் விரைவில் திரும்பும். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள். அது வைக்கப்படும் வரை ஆணுறையைத் தவறாமல் பாவியுங்கள்.

இதற்கிடையில் தற்செயலாகக் கரு தங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். முதல் வருடத்தில் கருத்தரித்தவர்களைப் பற்றிய ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைச் சொல்லவில்லை. நல்ல கண்காணிப்பில் ஆரோக்கியமான குழந்தை பெற்றவர்கள் பலர். அது கருவைக் கலைப்பதற்கான காரணமே அன்று, உடனே வைத்தியரிடம் போவதற்கான காரணம்.

அடுத்தது இரும்புச் சத்து. பெரிற்றின் 9 என்றால் உடலின் இரும்புச் சேமிப்பு காலி என்று பொருள். கருத்தரிக்கும்போது அது குறைந்தது 30 ஆவது இருக்க வேண்டும் என நான் விரும்புகிறேன். இரும்பு முக்கியமாக உறிஞ்சப்படும் முன்சிறுகுடல் பைபாஸில் உணவின் பாதையிலிருந்து விலக்கப்பட்டுவிடுகிறது, இரும்பைக் கரைக்கும் அமிலமும் குறைந்துவிடுகிறது. ஆகவே மற்றவர்களுக்கு வேலை செய்யும் குளிசை உங்களுக்கு அரைகுறையாகவே வேலை செய்யலாம். 200 மில்லிகிராம் பெரஸ் பியூமரேற் குளிசை ஒன்றில் உண்மையில் சுமார் 65 மில்லிகிராம் இரும்பு உண்டு. அதைத் தேசிக்காய்த் தண்ணீருடன், சீனி போடாமல், வெறும் வயிற்றில் எடுங்கள். பிளேன்டீயும் பால்தேநீரும் இரும்பைக் கட்டிப்பிடித்து வெளியேற்றிவிடும் என்பதால் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேநீரைத் தவிருங்கள். கல்சியம் குளிசைக்கும் இரும்புக் குளிசைக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் இருக்கட்டும்.

பத்து அல்லது பன்னிரண்டு வாரம் கழித்துப் பெரிற்றினைத் திரும்பப் பாருங்கள். அது அசையாமல் நின்றால், குளிசையைக் கூட்டிக்கொண்டு போவதில் பயனில்லை. நாளத்தின் வழியே இரும்பு ஏற்ற வேண்டும். இதைக் கருத்தரிப்புக்கு முன்பே செய்துகொள்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது: நாளத்தின் வழி இரும்பு கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கொடுக்கப்படுவதில்லை. இப்போது தவறவிட்டால் சிசு உருவாகும் அந்தக் காலம் முழுவதும் காத்திருக்க நேரிடும்.

கல்சியத்தையும் விற்றமின் டி-யையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 14 நனோகிராம் என்ற டி அளவு குறைவு; 20க்கு மேல், முடிந்தால் 30க்கு மேல் வர வேண்டும். இரத்தக் கல்சியம் சரியாக இருப்பது எதையும் நிரூபிக்காது, ஏனெனில் உணவில் கிடைக்காததை உடல் எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்தில் நிரப்பிக்கொள்ளும். அவ்வாறு எடுக்கப்படுகிறதா என்பதைக் காட்டுவது பீ.ரீ.எச். என்ற பரிசோதனை, அதையும் ஒரு முறை செய்யுங்கள். பைபாஸுக்குப் பின் தேவைப்படும் கல்சியம், உணவோடு சேர்த்து, நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம். இங்கே பலர் ஏமாறுவது குளிசையின் பெயரில். கல்சியம் லக்டேற் 300 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், அதனுள் உள்ள கல்சியம் ஏறத்தாழ 40 மில்லிகிராம்தான். அமிலம் குறைந்த இரைப்பைக்கு கல்சியம் சிற்றேற் வகையே பொருந்தும். ஒரே தடவையில் 500 மில்லிகிராமுக்கு மேல் உறிஞ்சப்படாது என்பதால் பிரித்து எடுக்க வேண்டும். நெத்தலியையும் சூடையையும் முள்ளோடு மென்று சாப்பிடுவது இதற்கு நல்ல துணை.

விற்றமின் ஏ விடயத்தில் குறைவும் கெடுதி, மிகுதியும் கெடுதி. கர்ப்பம் எதிர்பார்ப்பவர் ரெற்றினோல் வடிவில் அதிக விற்றமின் ஏ எடுத்தால் சிசுவின் உறுப்புகள் ஊனமாக உருவாகலாம். ஆகவே நீங்கள் மீண்டும் தொடங்கப்போகும் பல்விற்றமின் குளிசையின் அட்டையில் அது பீற்றா கரோட்டின் வடிவில் இருக்கிறதா என்று மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள். கொட் லிவர் ஒயிலும் ஈரல் கறியும் இக்காலத்தில் வேண்டாம். முடி கொட்டுவதற்காகத் தனியே சிங்க் குளிசை வாங்கிக் குடிப்பதும் வேண்டாம். சிங்க் மிகுந்தால் செம்புச் சத்துக் குறையும், செம்புக் குறைவும் பி12 குறைவைப் போலவே காலை விறைக்கச் செய்யும். வேகமாக எடை குறைந்தவர்களுக்கு மூன்றாம் மாதமளவில் தொடங்கும் முடியுதிர்வு பெரும்பாலும் தானே நிற்பது. புரதமும் இரும்பும் சரியானால் உங்களுடையதும் தணியும்.

புரதம் நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. உங்கள் இரைப்பைப் பை சிறியது என்பதால் கோப்பையில் சோற்றைத் தொடுமுன் மீனையும் முட்டையையும் பருப்பையும் சாப்பிட்டு முடியுங்கள். நூறு கிராம் மீனில் சுமார் 20 கிராமும் ஒரு முட்டையில் 6 கிராமும் புரதம் உண்டு. எங்கள் எருமைத் தயிர் மிக நல்லது, பாணியும் சீனியும் மட்டும் வேண்டாம். சைவம் பிடிக்கும் விரத நாட்களில் கடலையும் பயறும் தயிரும் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். முழு உபவாசம் இந்த இரண்டு வருடங்களுக்கும் உங்களுக்கு உரியதன்று.

கரு தங்கியதும், ஹீமோகுளோபின், பெரிற்றின், பி12, போலேற், விற்றமின் டி, கல்சியம், விற்றமின் ஏ ஆகியவற்றை மூன்று மாதத்திற்கு ஒரு முறை பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் பி12 போன்ற சில அளவுகள் ஆரோக்கியமான பெண்ணிலும் இறங்கும். எது இயல்பான இறக்கம், எது உண்மையான குறைவு என்று சொல்ல, கர்ப்பத்திற்கு முந்திய அறிக்கை கையில் இருக்க வேண்டும். ஆகவே குச்சியை எடுக்குமுன் இப்பரிசோதனைகளை ஒரு முறை முழுமையாகச் செய்து, தாளைப் பத்திரப்படுத்துங்கள். ஆறாம் மாதத்திலிருந்து நான்கு தொடக்கம் ஆறு வாரத்திற்கு ஒரு ஸ்கான் மூலம் சிசுவின் வளர்ச்சியும் அளக்கப்பட வேண்டும்.

மூன்று விடயங்களைக் கிளினிக்கில் நீங்களே முந்திச் சொல்ல வேண்டியிருக்கும், ஏனெனில் பைபாஸ் செய்த தாய்மார் இன்னமும் நமது மாவட்டங்களில் அரிது. ஏனையவர்களுக்குச் சீனி நோய் பார்க்கக் கொடுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீரை நீங்கள் குடிக்கக் கூடாது. அது உங்கள் சிறு பையிலிருந்து குடலுக்குள் ஒரே பாய்ச்சலாக இறங்கி, படபடப்பும் வியர்வையும் வயிற்றோட்டமும் தந்து, பிறகு சீனியைத் திடீரெனத் தாழ்த்தும். வரும் முடிவும் நம்பத்தக்கதல்ல. அதற்குப் பதிலாக 24 முதல் 28 வாரங்களுக்குள் ஒரு கிழமை, விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவியால், காலை வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தும் அளந்து எழுதிக்கொண்டு வரலாம். வெறும் வயிற்றில் 95, சாப்பாட்டுக்குப் பின் 140 மில்லிகிராமைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, வாந்தி. மசக்கை வாந்தி இரண்டு மூன்று நாள் விடாமல் தொடர்ந்தால் வீட்டில் இருக்க வேண்டாம். பி1 எனப்படும் தயமினின் சேமிப்பு உடலில் சில வாரங்களுக்கே போதுமானது. அது தீர்ந்த நிலையில் குளுக்கோஸ் சேலைன் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். ஆகவே வைத்தியசாலையில், "பைபாஸ் செய்திருக்கிறேன், குளுக்கோஸுக்கு முன் தயமின் ஊசி தேவையா?" என்று தயங்காமல் கேளுங்கள். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவை ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள். உங்கள் கணவரும் இவற்றை அறிந்திருக்கட்டும்.

மூன்றாவது, பிந்திய மாதங்களில் வரும் வயிற்றுவலி. சத்திரசிகிச்சையின்போது குடலுக்கிடையே உண்டாகும் இடைவெளியினூடாக, வளரும் கர்ப்பப்பை தள்ளுவதால், குடல் நழுவிச் சிக்கிக்கொள்ளலாம். சாப்பிட்டதும் மேல்வயிற்றில் முறுக்கி வந்து முதுகுக்குப் பாயும் வலியை வாய்வு என்று இஞ்சித் தண்ணீர் குடித்து ஆற்றாதீர்கள். சத்திரசிகிச்சை நிபுணரும் மகப்பேற்று நிபுணரும் ஒருங்கே இருக்கும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற இடத்திற்கே நேரே போக வேண்டும். கொழும்பில் தந்த சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதி ஒன்றைக் கர்ப்பவதிப் பதிவேட்டின் உள்ளட்டையில் ஒட்டிவைத்தால், நள்ளிரவில் கடமையிலிருக்கும் வைத்தியர் உங்கள் குடல் எப்படித் திருப்பி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிராது.